வெட்டுப்புள்ளி ஒரு பிள்ளையின் மதிப்பெண் அல்ல

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் நாளில் ஒரு பேச்சு தவறாமல் கிளம்பும். கொழும்பில் மருத்துவ பீடத்துக்கு இவ்வளவு வேண்டும், திருகோணமலையில் இவ்வளவு போதுமாம் என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அடுத்த வாக்கியம் ஆளைப் பற்றியதாக மாறிவிடும். "அவன் திருகோணமலைக் கோட்டாவில் வந்தவன், கெட்டித்தனத்தில் வந்தவன் இல்லை." ரியூசன் ஆசிரியர் சொல்கிறார், கலியாணத் தரகர் சொல்கிறார், பீடத்தில் மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். சில வேளை விரிவுரையாளரும் சொல்கிறார். இந்தப் பேச்சுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்பவர்கள் நல்ல மனதுக்காரர்கள். "திருகோணமலை பின்தங்கிய மாவட்டம். கோட்டா இருப்பதால்தான் அங்குள்ள ஏழைப் பிள்ளைகள் மேலே வருகிறார்கள்" என்பார்கள்.

இரண்டு பேச்சையும் நான் மறுக்கிறேன். ஒன்று இகழ்கிறது, மற்றது இரங்குகிறது. ஆனாலும் இரண்டும் ஒரே தவறில் நிற்கின்றன. ஒரு மாவட்டத்தைப் பற்றிய எண்ணை எடுத்து அந்த மாவட்டத்தில் உள்ள ஒரு பிள்ளையின் மேல் ஒட்டுகின்றன. சமூக ஆய்வாளர்கள் இதை 'இக்கொலொஜிக்கல் ஃபலசி' என்பார்கள். நான் இங்கே தொகுதித் தவறு என்றே எழுதுகிறேன். திருகோணமலை மாவட்டத்து ஈச்சிலம்பற்றில் இருந்து பார்த்தால் இந்தத் தவறு தெளிவாகத் தெரியும். இகழ்ச்சி, இரக்கம் இரண்டாலும் அடிபடுவது அங்குள்ள பிள்ளைதான்.

முதலில் சேர்க்கை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இதைப் பற்றி உரத்துப் பேசுபவர்களில் பலர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் மாணவர் கைநூலைத் திறந்தே பார்த்ததில்லை. மருத்துவம், பொறியியல் போன்ற பெரிய கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசைப்படி போகின்றன. 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படுகின்றன. மீதி 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்குப் போகின்றன. அந்தப் பதினாறில் திருகோணமலை உண்டு, மட்டக்களப்பு உண்டு, அம்பாந்தோட்டை உண்டு, நுவரெலியா உண்டு. யாழ்ப்பாணமும் உண்டு.

ஒரு கற்கைநெறிக்கு நாடு முழுவதும் 1000 இடங்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 400 இடங்கள் திறமை வரிசையில் முதலில் நிரம்பிவிடும். இந்த 400 பேரில் திருகோணமலைப் பிள்ளை ஒருவர் இருந்தால் அவர் திறமை வரிசைக்காரர். மாவட்டக் கணக்கில் அவர் சேர்வதில்லை. அடுத்த 550 இடங்கள் எல்லா மாவட்டங்களுக்கும் பிரியும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் திருகோணமலையின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் சற்றுக் குறைவு. எனவே பத்து இடங்கள் அளவில் கிடைக்கும். பின்தங்கிய மாவட்டங்களுக்கான 50 இடங்களில் இன்னும் இரண்டோ மூன்றோ வரும். மொத்தம் பன்னிரண்டு, பதின்மூன்று.

அதே 550 இடங்களில் கொழும்பு மாவட்டத்துக்கு அறுபதுக்கு மேல் போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதே மதிப்பீட்டின்படி நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேற்பட்ட மக்கள் அங்கே இருந்தார்கள், ஆகவே அந்தப் பங்கு. அப்படியென்றால் மாவட்டக் கோட்டாவில் வந்தவர்களில் பெரிய கூட்டம் கொழும்பு, கம்பகா, குருநாகல், கண்டி போன்ற சனம் நிறைந்த மாவட்டங்களின் பிள்ளைகள். திறமை வரிசையின் நானூறாவது ஆளுக்கு ஒரு படி கீழே நின்ற கொழும்புப் பிள்ளையும் கோட்டாவில்தான் உள்ளே வந்தது. அந்தப் பிள்ளையை யாரும் கோட்டாக்காரன் என்று அழைப்பதில்லை. அந்தப் பட்டம் தூர மாவட்டத்துப் பிள்ளைகளுக்கென்றே வைத்திருக்கிறார்கள்.

இனி வெட்டுப்புள்ளிக்கு வருவோம். இஸட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் மாணவர் எடுத்த புள்ளிக்கும் அந்தப் பாடத்தின் நாடளாவிய சராசரிக்கும் உள்ள தூரம். அதைப் புள்ளிகளின் பரவலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி எடுக்கிறார்கள். கடினமான பாடம் எடுத்தவரையும் எளிதான பாடம் எடுத்தவரையும் ஒரே அளவில் நிறுத்தத்தான் 2001இல் இந்த முறை வந்தது. ஒரு மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி என்பது அந்த மாவட்டத்தில் கடைசியாக இடம் பெற்ற ஒரே ஒரு பிள்ளையின் இஸட் புள்ளி. அந்தப் பிள்ளைக்கு மேலே நிற்பவர்கள் எத்தனை உயரத்தில் நிற்கிறார்கள் என்று அந்த எண் எதுவும் சொல்லாது. திருகோணமலை வெட்டுப்புள்ளி கொழும்பைவிடக் குறைவு என்றால், திருகோணமலையில் கடைசியாக நுழைந்தவர் கொழும்பில் கடைசியாக நுழைந்தவரைவிடக் குறைந்த புள்ளி எடுத்தார் என்று பொருள். அவ்வளவுதான். திருகோணமலையில் முதலாவதாக வந்தவர் கொழும்பின் கடைசி ஐம்பது பேரையும் தாண்டியிருக்கலாம். நம் முன்னால் நிற்கிற குறிப்பிட்ட பிள்ளை யார், எங்கே நிற்கிறார் என்று அறிய வேண்டுமானால் அவருடைய பெறுபேற்றுச் சான்றிதழைப் பார்க்க வேண்டும். மாவட்டத்தின் வரிசையில் அந்த விடை கிடையாது.

"பொதுவாகச் சொல்கிறோம், விதிவிலக்கு இருக்கலாம்" என்று இந்த இடத்தில் பின்வாங்குவார்கள். இந்தப் பின்வாங்கலும் நிற்காது. பொதுவாகப் பார்த்தால் உண்மையாக இருப்பது, ஆளாகப் பார்த்தால் சற்றே பிசகும் என்று அவர்கள் நினைக்கிறார்கள். தொகுதி அளவில் ஒரு திசையில் ஓடும் உறவு, ஆள் அளவில் நேர் எதிர்த் திசையில் ஓட முடியும். இதை 1950இல் டபிள்யூ. எஸ். ராபின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1930 அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டை எடுத்து இரண்டு விடயங்களை ஒப்பிட்டார்: வெளிநாட்டில் பிறந்தவர்கள், எழுத்தறிவில்லாதவர்கள். நாட்டின் ஒன்பது பெரும் பிராந்தியங்களை எடுத்துப் பார்த்தபோது, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக உள்ள பிராந்தியத்தில் எழுத்தறிவின்மை குறைவாக இருந்தது. தொடர்புக் கெழு மறை 0.62. இதைப் பார்த்த எவரும் குடியேறி வந்தவர்கள் உள்ளூர்க்காரரைவிட நன்றாகப் படித்தவர்கள் என்று முடிவு கட்டுவார்கள். ஆள் ஆளாகக் கணக்கிட்டபோது கெழு நேர் 0.12 ஆக வந்தது. குடியேறியவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம். காரணம் எளிது. வந்தவர்கள் வேலை தேடி, உள்ளூர்க்காரர் நன்றாகப் படித்திருந்த மாநிலங்களில் போய்க் குடியேறினார்கள். அந்த மாநிலங்களின் நல்ல எழுத்தறிவு விகிதம் உள்ளூர்க்காரர்களுடையது. பிராந்திய எண்ணைப் பார்த்தவர் அதைத் தூக்கி வந்தவர்களின் தலையில் வைத்துவிட்டார்.

ராபின்சனின் கணக்கில் குறி தலைகீழானதற்குக் காரணம், ஒரே எல்லைக்குள் இரண்டு வேறுபட்ட கூட்டங்கள் வாழ்ந்ததுதான். திருகோணமலை மாவட்டமும் அப்படிப்பட்ட எல்லைதான். இங்கேதான் இரக்கப் பேச்சுக்காரர்களிடம் நான் மிக வன்மையாக முரண்படுகிறேன்.

இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். ஒரு முனையில் பட்டினமும் சூழலும். துறைமுகம், மாகாண சபை அலுவலகங்கள், நூறாண்டு கடந்த பாடசாலைகள், மாலை முழுக்க நடக்கும் ரியூசன் வகுப்புகள் எல்லாம் அங்கே. மறு முனையில், மூதூரும் தோப்பூரும் தாண்டிப் போனால் ஈச்சிலம்பற்று. வெருகல் பிரதேச செயலகப் பிரிவு என்று இப்போது அரசாங்கத் தாள்களில் எழுதப்படுகிற இடம் அதுதான். ஏ15 வீதியில் பாலங்கள் வருவதற்கு முன் பட்டினத்துக்குப் போக வேண்டுமானால் ஆற்றுக்கு ஆறு பாதையில் ஏறி இறங்க வேண்டும். கிண்ணியாப் பாலமே 2009இல்தான் திறக்கப்பட்டது. 2004 டிசம்பரில் கடல் அந்தக் கரைக்குள் வந்தது. 2006 யூலையில் மாவிலாற்று மதகில் தொடங்கிய போர் அடுத்த மாதங்களில் ஈச்சிலம்பற்று முழுவதையும் கிளப்பியது. வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் சனம் போனது. 2007இல்தான் திரும்பத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் முதலாம் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய ஒரு பிள்ளை, 2019 வாக்கில் உயர்தரம் எழுதியிருக்கும். பட்டினத்துப் பாடசாலையில் பன்னிரண்டு ஆண்டுகள் இருக்கை மாறாமல் படித்த பிள்ளையுடன் ஒரே மாவட்டப் பட்டியலில், ஒரே வெட்டுப்புள்ளிக்கு, அந்தப் பிள்ளை போட்டியிட்டது.

மாவட்டச் சராசரி இந்த இரண்டு பிள்ளைகளையும் எப்படி ஒன்றாக்குகிறது என்பதைச் சிறிய கணக்கில் காட்டலாம். எண்கள் என் கற்பனை, கணக்கு உண்மை. ஒரு மாவட்டத்தில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் 100 பேர் எழுதுகிறார்கள். 80 பேர் பட்டினத்துப் பாடசாலைகளில், சராசரி இஸட் நேர் 0.4. 20 பேர் தூரத்துப் பாடசாலைகளில், சராசரி மறை 0.8. மாவட்டச் சராசரி 0.16. இந்த 0.16 பட்டினத்தையும் காட்டவில்லை, தூரத்தையும் காட்டவில்லை. கொழும்பின் சராசரி இதைவிட மேலே இருப்பதால் மாவட்டம் பின்தங்கியது என்று முத்திரை குத்தி, மாவட்ட ஒதுக்கீடும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் சேர்த்துப் பன்னிரண்டு இடங்கள் கொடுக்கிறோம். அந்தப் பன்னிரண்டும் மாவட்டத்துக்குள் யார் முதல் பன்னிரண்டு பேரோ அவர்களுக்குப் போகும். ஏறக்குறைய எல்லாம் அந்த 80 பேருக்குள் போகும். மாவட்டத்தைப் பின்தங்கியதாகக் காட்டியதில் அந்த 20 பேருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் சராசரி 0.4. அவர்களுடைய குறையைக் காட்டி வாங்கிய இடத்தில் வேறு பிள்ளைகள் உட்காருகிறார்கள்.

பட்டினத்துப் பிள்ளைகள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் படித்தார்கள், புள்ளி எடுத்தார்கள், விதிப்படி வந்தார்கள். நான் குறை சொல்வது கணக்கைப் படிப்பவர்களை. "திருகோணமலைக்குப் பன்னிரண்டு இடம் கிடைத்தது" என்ற வாக்கியம் உண்மை. "ஆகவே திருகோணமலையில் பின்தங்கியவர்களுக்கு இடம் கிடைத்தது" என்ற வாக்கியம் அதிலிருந்து பிறக்காது. முதலாவது மாவட்டத்தைப் பற்றியது, இரண்டாவது ஆட்களைப் பற்றியது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஈச்சிலம்பற்றுப் பிள்ளை விழுந்துபோகிறது. விழுந்தது யாருக்கும் தெரிவதில்லை, ஏனென்றால் மாவட்டத்தின் கட்டம் நிரம்பியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மேலே சொன்ன கணக்கில் தூரத்துப் பாடசாலையில் 20 பேராவது உயிரியல் எழுதினார்கள் என்று வைத்தேன். நடப்பில் இலங்கைப் பாடசாலைகள் எல்லாவற்றிலும் உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடையாது. 1ஏபி வகைப் பாடசாலைகளில் மட்டுமே விஞ்ஞானம் உண்டு. 1சி வகையில் கலையும் வர்த்தகமும். இரண்டாம், மூன்றாம் வகைகளில் உயர்தரமே இல்லை. நாட்டின் பத்தாயிரம் அளவிலான அரசுப் பாடசாலைகளில் 1ஏபி வகை ஏறக்குறைய பத்தில் ஒன்று. 1சி பாடசாலைக்கு மட்டும் நடந்து போகக்கூடிய ஒரு பிள்ளைக்கு மருத்துவ பீடத்து வெட்டுப்புள்ளி எத்தனை இறங்கினாலும் பயனில்லை. இஸட் புள்ளி கணக்கிடப்படுவதற்கு முன்பே, பதினோராம் வகுப்பு முடிந்தவுடன், அந்தப் பிள்ளை வரிசையிலிருந்து வெளியே போய்விட்டது. எழுதாதவர்கள் எந்தச் சராசரியிலும் இல்லை. தொகுதி எண்ணை நம்புகிறவர்கள் கண்ணில் முதலில் தப்புவது இதுதான்: எண்ணுக்குள்ளேயே வராதவர்கள்.

வெருகல் ஆறு இந்த விடயத்தில் ஒரு பாடப்புத்தகம். ஆற்றின் வடகரை திருகோணமலை மாவட்டம். தென்கரையில் கதிரவெளி, மட்டக்களப்பு மாவட்டம். இரண்டு கரையிலும் அதே வயல், அதே மீன்பிடி, அதே சிறுவேளாண்மை, அதே கோயில் திருவிழா. 2006இல் ஒரே செல்லடிக்குள் ஒன்றாக இருந்தவர்கள். வடகரைப் பிள்ளை அங்கேயே படித்தால் அது திருகோணமலை வெட்டுப்புள்ளிக்குப் போட்டியிடும். ஆற்றைக் கடந்து தென்கரைப் பாடசாலையில் படித்தால் மட்டக்களப்பு வெட்டுப்புள்ளி. பரீட்சைக்கு முந்தைய மூன்றாண்டுகள் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதை வைத்தே மாவட்டம் தீர்மானிக்கப்படுகிறது. அந்தப் பிள்ளையின் மூளையும் உழைப்பும் வறுமையும் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறவில்லை. மாறியது அதன் மேல் ஒட்டப்படும் சராசரி மட்டும். ஒரு அளவுகோல் ஆளை அளக்கிறது என்றால், ஆள் மாறாமல் அளவு மாறக் கூடாது.

கொழும்பிலும் இதே கதை எதிர்த் திசையில் நடக்கிறது. கொழும்பு வடக்கின் முடுக்குகளில், ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் வீட்டில் படிக்கும் பிள்ளை நாட்டிலேயே உயர்ந்த வெட்டுப்புள்ளிகளில் ஒன்றைத் தாண்ட வேண்டும். ஏனென்றால் அது கொழும்புப் பிள்ளை, கொழும்பு முன்னேறிய மாவட்டம். நுவரெலியாவில் தோட்டத்து லயத்துப் பிள்ளையும் நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளையும் ஒரே ஒதுக்கீட்டில் மோதுகின்றன. எனவே இது ஈச்சிலம்பற்றுக்கு மட்டும் உரிய குறை என்று ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் வாசகர்களிடம் இதைச் சற்று உரிமையோடு கேட்கிறேன். 1971 சேர்க்கையை நம் வீடுகளில் இன்னும் பேசுகிறோம். 400 புள்ளிகளுக்கு, பேராதனையில் பொறியியலுக்குத் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேண்டும், சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும் என்று வந்தது. மருத்துவத்துக்கு 250, 229. அன்று நடந்த தவறு எது? தமிழில் எழுதியவர்கள் ஒரு தொகுதியாக அதிகம் தேறியிருக்கிறார்கள், ஆகவே தமிழில் எழுதிய ஒவ்வொருவரிடமிருந்தும் அதிகம் கேட்கலாம் என்பதே. தமிழ்த் திருத்துநர்கள் அள்ளிப் போட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவே இல்லை. 240 எடுத்த ஒரு தமிழ்ப் பிள்ளை, தன் மொழிக் கூட்டத்தின் சராசரிக்காகத் தன் இடத்தை இழந்தது. அந்தப் பிள்ளை பணக்கார வீடா, ஏழை வீடா, யாழ்ப்பாணமா, மூதூரா என்று எவரும் கேட்கவில்லை. அது அநியாயம் என்று நாம் சொன்னோம், சரியாகவே சொன்னோம். அப்படியானால் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கும் நம்மவர்கள் ஒரு கிழக்கு மாகாணப் பிள்ளையை அதன் மாவட்டத்தின் கடைசி ஆளுடைய புள்ளியை வைத்து எடைபோடுவது எந்த நியாயத்தில்? யாழ்ப்பாணமும் அந்தப் பதினாறு மாவட்டங்களில் ஒன்று என்பதை மேலே சொன்னேன். தன் மாவட்டமும் பட்டியலில் இருக்கும்போது அடுத்த மாவட்டத்தைக் கோட்டா என்று சொல்பவர், தனக்கு ஆள் கணக்கும் பிறருக்குத் தொகுதிக் கணக்கும் வைத்திருக்கிறார்.

"மாவட்டப் பிள்ளைகள் பீடத்தில் திணறுகிறார்கள், பரீட்சைகளில் தவறுகிறார்கள், இது நாங்கள் கண்ணால் கண்டது" என்று ஒரு வாதம் வரும். இதைச் சோதிக்கச் சரியான வழி ஒன்று இருக்கிறது. ஒரு தொகுதி மாணவர்களின் இஸட் புள்ளியையும் முதலாம் ஆண்டுப் பெறுபேற்றையும் ஆள் ஆளாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒரே இஸட் புள்ளியுடன் வந்த கொழும்புப் பிள்ளையும் திருகோணமலைப் பிள்ளையும் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒப்பிட வேண்டும். ஆங்கில மொழிமூலத்துக்கு மாறும் சுமை யாருக்கு எவ்வளவு என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். தமிழிலேயே விஞ்ஞானம் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கில விரிவுரையில் உட்காரும் பிள்ளையின் திணறல், அறிவுக் குறைவைப் பற்றி எதையும் நிறுவாது. இப்படிச் செய்யாமல் மாவட்டத்துக்கு மாவட்டம் சித்தி வீதத்தை ஒப்பிட்டுவிட்டு, முன்னால் இருக்கும் மாணவியைப் பார்த்து "உன் மாவட்டத்தார் இப்படித்தான்" என்று சொல்வதற்கு எந்தப் புள்ளியியலும் துணை நிற்காது. அந்தச் சொல்லைக் கேட்ட மாணவி முதலாம் ஆண்டில் கேள்வி கேட்கக் கை உயர்த்தமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் சிலர் மகிழ்ச்சியோடு மறுபக்கம் ஓடுவார்கள்: "அப்படியென்றால் கோட்டாவை எடுத்துவிடலாமே, முழுக்கத் திறமையால் போகட்டும்." நான் அதைச் சொல்லவில்லை. எடுத்துவிட்டால் நன்மை பெரிய நகரங்களின் சில பாடசாலைகளுக்குப் போகும். ஈச்சிலம்பற்றுக்கு இன்று கிடைக்கும் ஒன்றிரண்டு வாய்ப்பும் அற்றுப்போகும். தொகுதிக் கேள்விக்குத் தொகுதி எண் தேவை. எந்த வலயத்துக்கு எத்தனை இரசாயனவியல் ஆசிரியர், எங்கே ஆய்வுகூடம், எந்த வீதிக்குப் பாடசாலை பஸ் என்ற கேள்விகளுக்கு மாவட்ட, கோட்ட, பாடசாலை எண்களில்தான் விடை தேட வேண்டும். அங்கே ஆளைத் தேடுவது வீண். தவறு தொடங்குவது, இடத்தைப் பற்றிய எண்ணை எடுத்து ஆளைத் தீர்மானிக்கும்போது.

ஆளைத் தீர்மானிக்க ஆளைப் பற்றிய தகவல் வேண்டும். அது கிடைக்காத தகவலா? இதே அரசு வேறு இடங்களில் ஆள் ஆளாகத்தான் பார்க்கிறது. பல்கலைக்கழகத்துக்குள் வந்த பிறகு மகாபொல புலமைப்பரிசில் கொடுக்கும்போது பெற்றோர் வருமானத்தைக் கேட்கிறது. மாவட்டம் பின்தங்கியது என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவித் திட்டம் ஒவ்வொரு குடும்பத்தையும் 22 குறிகாட்டிகளை வைத்து மதிப்பிடுகிறது. அதில் ஆயிரம் குளறுபடிகள் நடந்தன, தகுதியானவர்கள் விடுபட்டார்கள், முறைப்பாடுகள் குவிந்தன. ஆனாலும் குடும்பத்தைப் பார்க்க வேண்டும் என்ற கொள்கையை அது ஏற்றுக்கொண்டது. ஆசிரியர்களுக்குக் கஷ்டப் பிரதேசக் கொடுப்பனவு தருவதற்காகப் பாடசாலைகளைக் கஷ்டம், அதிகஷ்டம் என்று கல்வித் திணைக்களமே தரம் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே கற்பிக்கும் ஆசிரியருக்கு அந்தத் தரம் பொருந்துமென்றால், அங்கே படிக்கும் பிள்ளைக்கு ஏன் பொருந்தக் கூடாது? பின்தங்கிய மாவட்டங்களுக்கான அந்த 5 வீதத்தையாவது, மாவட்டத்துக்குள் பாடசாலையின் தரத்தையும் வீட்டு வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்தால், அது யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களுக்கு அருகில் போகும்.

இங்கும் ஒரு எச்சரிக்கை எனக்கு உண்டு. மாவட்டத்தைப் பிரதேச செயலகப் பிரிவாகச் சுருக்கினால் பிழை குறையும், ஒழியாது. வெருகல் பிரிவுக்குள்ளும் அரசாங்க உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை உண்டு. கணவனை இழந்து கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையும் உண்டு. இருவரையும் "வெருகல் பிள்ளை" என்று ஒரே பையில் போட்டால், மாவட்டத்தில் செய்த அதே தவறைச் சிறிய அளவில் செய்கிறோம். நாளை யாராவது "ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகள் என்றால் இப்படித்தான்" என்று பேசத் தொடங்கினால், நான் இந்தக் கட்டுரையின் ஒவ்வொரு வரியையும் அவருக்கு எதிராகவும் சொல்வேன். கற்பனைக் கணக்கில் தூரத்துப் பாடசாலைகளின் சராசரியை மறை 0.8 என்று வைத்தேன் அல்லவா? அந்த இருபதில் ஒரு பிள்ளை நேர் 1.1 எடுக்கலாம். அப்படி எடுத்த பிள்ளையிடம் போய் உன் பாடசாலைச் சராசரி மறை 0.8 என்று சொல்லி அதன் பெறுபேற்றைச் சந்தேகிப்பதும், அல்லது அதைத் தெய்வாதீனம் என்று தோளில் தூக்கிக் கொண்டாடுவதும் ஒன்றுதான். சராசரி அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசவில்லை. வசதிக் கணக்கில் பாடசாலையைச் சேர்க்கும்போதும் இதை மறக்கக் கூடாது. பாடசாலை வாய்ப்பைக் காட்டும், பிள்ளையின் திறனை அதன் சொந்தப் புள்ளி காட்டும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் ஒரு கோரிக்கை. விண்ணப்பத்தில் ஒவ்வொரு மாணவரின் பாடசாலையும் எழுதப்படுகிறது. மாவட்ட ஒதுக்கீட்டிலும் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டிலும் இடம் பெற்றவர்கள் எந்தப் பிரதேச செயலகப் பிரிவு, எந்த வகைப் பாடசாலையிலிருந்து வந்தார்கள் என்பதைப் பெயர்கள் இல்லாமல், கற்கைநெறி வாரியாக, வெட்டுப்புள்ளியோடு சேர்த்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள். திருகோணமலைக்குப் போன இடங்களில் வெருகலுக்குப் போனவை எத்தனை என்று அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் எண்ணிப் பார்க்கட்டும்.